படத்தில் ஒரு பகுதியை எடுப்பது: கீற்றா, செதுக்கலா?

முதல் மடல்

குழுவினருக்கு வணக்கம். நம்பை அணியாக உள்ள படத்தில் ஒரு பகுதியை எடுப்பதைக் கையேட்டில் "செதுக்கல்" என்று எழுதியிருந்தேன். அதற்குப் பதிலாகக் "கீற்று" பொருந்துமா? நிரை முன், நிரல் பின் என்னும் ஒழுங்கில்தான் தொடக்கநிலையினர் தடுமாறுகிறார்கள் என்பதால், அதையும் சேர்த்து "நிரைமுதன்மைக் கீற்று" எனலாமா?

மறுமொழி 1

பொருந்தும் என்றே நினைக்கிறேன். நினைவகத்தில் படம் நிரை நிரையாக அடுக்கப்பட்டிருப்பதால்தான் நிரை எண்ணை முதலில் எழுதுகிறோம்.

மறுமொழி 2

படம் அவ்வாறு அடுக்கப்படுவது வழக்கமே, காரணம் அதுவன்று. `np.asfortranarray(img)` கொண்டு நிரல் நிரலாக அடுக்கினாலும் நிரை எண்ணே முதலில் வரும். நிரைமுதன்மை நினைவக அடுக்கைக் குறிக்கும் சொல். அதை இங்கே கொண்டுவந்தால் குழப்பம் இரட்டிக்கும். அணிக் கணிதத்தில் நிரை முன்னே நிற்கிறது, வரைபடத்தில் x முன்னே நிற்கிறது. இவ்விரு வழக்கங்களின் மோதலே சிக்கல்.

அகலம் 640, உயரம் 480 உள்ள வண்ணப்படத்தின் `shape` `(480, 640, 3)` ஆகும். இடமிருந்து 500, மேலிருந்து 100 என்ற புள்ளியில் தொடங்கி, 100 அகலமும் 80 உயரமும் உள்ள பகுதி வேண்டுமென்றால்:

```python
img[100:180, 500:600]   # (80, 100, 3)
img[500:600, 100:180]   # (0, 80, 3)
```

இரண்டாவது வரியும் பிழை காட்டாது. 480 நிரைகளே இருப்பதால், 500இல் தொடங்கும் கீற்று வெறுமையாகிவிடும். `cv2.imshow` அழைத்த பிறகே பிழை தெரியும்.

மறுமொழி 3

எனக்கு அந்தப் பிழைகூட வரவில்லை. 512க்கு 512 சதுரப் படத்தில் எண்களை மாற்றி எழுதியதால், முகத்துக்குப் பதிலாகச் சுவரை வெட்டியெடுத்து, முகங்காணும் நிரலைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். நிரல் என்றால் ப்ரோகிராம் அல்லவா? மேலே வரும் நிரல் எது?

மறுமொழி 2

நிரை, நிரல் என்னும் இணையில் அது ஆங்கிலத்தில் column எனப்படுவது. உங்கள் கேள்வியே அச்சொல்லின் குறையைக் காட்டுகிறது. நான் "நெடுவரிசை" என்றே எழுதுவேன்.

கீற்று என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. `img[100:180]` என்று மட்டும் எழுதினால், படத்தின் முழு அகலத்துக்கும் 80 நிரை உயரமுள்ள பட்டை கிடைக்கும். கீற்று என்ற சொல் அதற்கே உரியது. கிடைக்கீற்றும் நெடுங்கீற்றும் குறுக்கிடும் செவ்வகத்துக்கு வேறு சொல் வேண்டும்.

முதல் மடலாளர்

கிடைக்கீற்று, நெடுங்கீற்று இரண்டையும் ஏற்கிறேன். எழுதும் ஒழுங்கும் அவ்வாறே. செவ்வகத்துக்குச் செதுக்கல் என்பதையே வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 4

செதுக்கினால் சில்லு தனியே விழும். இங்கே அப்படியில்லை: எடுத்த பகுதியில் வண்ணத்தை மாற்றினால் மூலப் படத்திலும் மாறும், `.copy()` சேர்த்தால்தான் தனிப்படம். ஆகவே நான் "சாளரம்" என்பேன், அது திரைச்சாளரத்தோடு மோதும் என்றாலும்.