ரெண்டு வெப்கேம் வச்சு தூரம் அளந்தா கேட் மட்டும் ஏன் ஆடுது?

ஆயர்_ஈத்தாம்_பையன்: ரெண்டு மலிவு வெப்கேமை 6 செ.மீ. இடைவெளியில கட்டையில திருகி, காலிபிரேட் பண்ணி, ரெண்டு படத்தையும் பொருத்திப் பார்க்க StereoSGBM ஓட்டுறேன். 640×480 படம், ஃபோக்கல் 550 பிக்சல். மேசை 1 மீட்டர்ல சரியா வருது. வீட்டு கேட் 5 மீட்டர்ல இருக்கு, 4.6க்கும் 5.4க்கும் நடுவுல ஆடுது. சில நேரம் 1.9ன்னும் காட்டுது. கேமரா கோளாறா?

பிறை_டெக்னீஷியன்: கேமரா மேல பழி போடாதே தம்பி. இடைவெளி பத்தல. 20 செ.மீ. ஆக்கு, எல்லாம் அடங்கிடும்.

தேத்தாரே: நான் காடி பின்னாடி சென்சார் போட்டேன், மழையில சும்மா கத்திக்கிட்டே இருக்கும். ஒரு மாசத்துல கழட்டிட்டேன். நீங்களும் சென்சார் வாங்காதீங்க.

பிறை_டெக்னீஷியன்: அண்ணே, அவர் கேட்டது வேற லா.

பி_எம்_அக்கா: டெக்னீஷியன் சொன்னது பாதி சரி. உங்க செட்டப்ல 550 × 0.06 = 33. இதைத் தூரத்தால வகுத்தா வர்றது டிஸ்பாரிட்டி, அதாவது ஒரே புள்ளி ரெண்டு படத்துலயும் எவ்வளவு தள்ளி விழுதுங்கிற அளவு. மேசைக்கு அது 33 பிக்சல், கேட்டுக்கு 6.6தான். மேட்சிங் அரை பிக்சல் தவறினா மேசையில ஒன்றரை செ.மீ. பிசகும், கேட்ல 38 செ.மீ. தூரம் அஞ்சு மடங்கானா பிசகு இருபத்தஞ்சு மடங்கு. 4.6–5.4 ஆட்டம் அங்கிருந்துதான் வருது. 20 செ.மீ. ஆக்கினா அது 11 செ.மீ.க்குக் குறையும். ஆனா 64 டிஸ்பாரிட்டி வரைதான் தேடுறீங்கன்னா, 1.7 மீட்டருக்குள்ள எதுவும் தெரியாது, மேசை உட்பட. `numDisparities` ஏத்தணும்.

அந்த 1.9 வேற சங்கதி. கேட்ல கம்பி எவ்வளவு இடைவெளி?

ஆயர்_ஈத்தாம்_பையன்: பத்து செ.மீ. இருக்கும்.

பி_எம்_அக்கா: அப்ப 5 மீட்டர்ல கம்பிக்குக் கம்பி 11 பிக்சல். பக்கத்துக் கம்பியைத் தன் ஜோடின்னு நினைச்சா 6.6 + 11 = 17.6. 33ஐ அதால வகுத்துப் பாருங்க, 1.9. எதிர்ப்பக்கம் தப்பினா கணக்கு பூஜ்யத்துக்குக் கீழ போயிடும், அதைத் தேடுறதே இல்ல. அதனாலதான் கிட்ட மட்டுமே குதிக்குது.

பிறை_டெக்னீஷியன்: அதுக்குத்தானே அகலமா வைக்கச் சொன்னேன்!

பி_எம்_அக்கா: அகலமா வச்சா இன்னும் மோசம். கேட்டோட டிஸ்பாரிட்டி 22 ஆகும், கம்பி இடைவெளி அதே 11. இனி 3.3 மீட்டர்னும் சொல்லும், 10 மீட்டர்னும் சொல்லும். முதல்ல பூப்போட்ட பாத்தேக் கைலி ஒண்ணைக் கேட்ல தொங்கவிட்டுப் பாருங்க. வெள்ளைத் துணி வேணாம், அதுல பொருத்த ஒண்ணும் இருக்காது.

ஆயர்_ஈத்தாம்_பையன்: அம்மாவோட கைலியைக் கட்டினேன், திட்டு வாங்கினேன். 1.9 போயிடுச்சு. 4.7–5.3 இன்னும் ஆடுது.

பிறை_டெக்னீஷியன்: முப்பது ஃப்ரேம் சராசரி எடு, தீர்ந்தது.

பி_எம்_அக்கா: நடுக்கம் குறையும். ஆனா திருகு லூசாகி ஒரு கேமரா 0.1 டிகிரி திரும்பினாலே ஒரு பிக்சல் நகர்ந்துடும். அதை எத்தனை ஃப்ரேம் எடுத்தாலும் சராசரி தீர்க்காது. டேப் வச்சு 5 மீட்டர் அளந்து, சராசரி அதுல நிக்குதான்னு காலையிலயும் மதிய வெயில்லயும் பாருங்க.

பிறை_டெக்னீஷியன்: கட்டை வெயில்ல வளையுமா? நான் நம்பல. அலுமினியம் பார்ல மாட்டு.

ஆயர்_ஈத்தாம்_பையன்: நாளைக்கு அளந்துட்டு எழுதுறேன்.