ஏரியின் அடிநீர், அடுக்கமைவு, முழுக்கலப்பு: கலைச்சொல் விவாதம்

செல்வநாயகி எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஏரியியல் பகுதியில் மூன்று சொற்கள் இன்னும் முடிவாகவில்லை. ஏரியின் அடியில் தங்கும் குளிர்ந்த நீரைக் குறிக்கும் ஹைப்போலிம்னியான் என்பதற்கு "ஆழ்நீர்" என்றும், அதற்கும் மேலுள்ள சூடான நீருக்கும் இடையே வெப்பநிலை விரைவாக இறங்கும் பகுதியான தெர்மோக்ளைன் என்பதற்கு "வெப்பச்சரிவு" என்றும், ஏரி நீர் மேலிருந்து கீழ்வரை கலப்பதைக் குறிக்கும் டர்ன்ஓவர் என்பதற்கு "தலைகீழாக்கம்" என்றும் பழைய பட்டியலில் உள்ளன. வட அமெரிக்காவின் ஈரி ஏரியைப் பற்றிய கட்டுரையில் இவற்றைப் பொருத்திப் பார்த்தபோது முதல் சொல்லே இடறியது. "கோடையின் முடிவில் ஆழ்நீர் ஆக்சிஜனை இழக்கிறது" என்று ஒரு வரி வருகிறது; அடுத்த பத்தியில், "ஏரியின் மிக ஆழமான கிழக்குப் பகுதியில் இந்த இழப்பு நேர்வதில்லை" என்று வருகிறது. இரண்டு வரிகளும் உண்மை என்று கட்டுரையாசிரியர் உறுதியாகச் சொல்கிறார். அப்படியானால் வாசகரைக் குழப்புவது நாம் வைத்த சொல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முத்துக்குமார் எழுதியது:

வணக்கம். இதில் குழப்பத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனின் அளவு குறையும் என்பது பள்ளியில் படித்த செய்தி. கோடையில் ஏரி சூடாகிறது, ஆகவே ஆக்சிஜன் குறைகிறது. கிழக்குப் பகுதி மிக ஆழமாக இருப்பதால் அங்கே வெப்பம் அடிவரை எட்டாது; அதனால் ஆக்சிஜன் தங்கிவிடுகிறது. "ஆழ்நீர்" என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை, கட்டுரையில் ஒரு விளக்க வரியைச் சேர்த்தால் போதும்.

மீனலோசனி எழுதியது:

முத்துக்குமார் அவர்கள் சொன்னதில் முதல் பாதி சரி. 4 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்கு 13 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். ஆனால் ஈரி ஏரியில் கோடையில் 25 டிகிரியை நெருங்குவது மேல்நீர்தான், அங்கே ஆக்சிஜனுக்குக் குறைவே இல்லை. காற்றோடு உரசிக்கொண்டிருப்பதால் இழந்ததை அது உடனுக்குடன் ஈட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோவது குளிர்ந்த அடிநீரில். ஆகவே வெப்பத்தின் பங்கு வேறு வழியாக வருகிறது. அந்த வழியைப் புரிந்துகொண்டால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று முடிவு செய்ய முடியும்.

வசந்தத்தின் தொடக்கத்தில் ஏரி முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். காற்று அடித்தால் மேலிருந்து கீழ்வரை கலங்கும், அடிவரை ஆக்சிஜன் போய்ச் சேரும். வெயில் ஏறும்போது மேல்நீர் சூடாகி இலேசாகிறது. நீரின் அடர்த்தி வெப்பத்தோடு சீராக மாறுவதில்லை. 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு ஏறினால் ஒரு கன மீட்டர் நீரின் எடை 8 கிராம் அளவே குறையும். 24 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஏறினால் ஏறத்தாழ 250 கிராம் குறையும். அதனால் வெயில் ஏற ஏற, மேல்நீரும் அடிநீரும் கலப்பதற்குக் காற்று செய்ய வேண்டிய வேலை மிகவும் கூடிவிடுகிறது. ஜூன் மாத அளவில் காற்றின் வலிமை போதாமல் போய், அடிநீர் மேற்பரப்பிலிருந்து துண்டிக்கப்படுகிறது. நம் ஊர்க் கிணற்றில் குதித்தவர்களுக்குத் தோள்மட்டத்தில் வெதுவெதுப்பும் காலடியில் சில்லென்ற குளிர்ச்சியும் தெரிந்திருக்கும். ஏரியில் அந்த எல்லை பல மாதங்கள் உடையாமல் நிற்கிறது.

இனி ஈரிக்கு வருகிறேன். அதில் மூன்று பகுதிகள் உண்டு. மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் 7 மீட்டர் அளவுதான், அது பெரும்பாலும் அடிவரை கலந்தே இருக்கும். நடுப்பகுதி சராசரியாக 18 மீட்டர், மிகுந்தால் 25 மீட்டர். கிழக்குப் பகுதி 64 மீட்டர் வரை இறங்குகிறது. நடுப்பகுதியில் மேல்நீரே 15 மீட்டருக்கு மேல் இடம் பிடித்துக்கொள்வதால், அடியில் எஞ்சும் குளிர்நீர் சில மீட்டர் தடிப்பு மட்டுமே. வெளிச்சம் போதாத அந்த ஆழத்தில் பாசி ஆக்சிஜனை உண்டாக்குவதற்கும் வழியில்லை. மேலிருந்து இறந்து விழும் பாசியை, வண்டலிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிரிகள் சிதைத்து ஆக்சிஜனைத் தொடர்ந்து செலவழிக்கின்றன.

கணக்காகப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஏரித் தரையின் ஒரு சதுர மீட்டருக்கு மேலே 4 மீட்டர் அடிநீர் நிற்கிறது என்றும், அடைபடும் நேரத்தில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தது என்றும் கொள்வோம். கையிருப்பு 48 கிராம். நாளொன்றுக்கு 0.4 கிராம் செலவானால், 100 நாளில் 40 கிராம் போய், லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவுக்கு இறங்கிவிடும். மீன்கள் அந்த இடத்தை விட்டு விலகும் நிலை அது. ஜூன் தொடக்கத்தில் அடைபட்டால் செப்டம்பர் நடுவில் அங்கே வந்து நிற்போம். அடிநீர் 2 மீட்டர்தான் என்றால் 50 நாளே போதும். அதே செலவு வீதத்தில் 20 மீட்டர் அடிநீர் இருந்தால், கையிருப்பு 240 கிராம். 100 நாள் கழித்தும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் மிஞ்சும். கிழக்குப் பகுதி தப்புவது இதனால்தான். தீர்மானிப்பது மேலிருந்து அளக்கும் ஆழம் அன்று, அடைபட்ட நீரின் தடிப்பு. எனவே "ஆழ்நீர்" வேண்டாம், "அடிநீர்" என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

அந்தோணி எழுதியது:

அம்மா, தாங்கள் சொல்வதை எங்கள் இறால் பண்ணையில் கண்ணாரக் காண்கிறோம். வேதாரண்யம் பக்கம் எங்கள் குளங்கள் ஒன்றரை மீட்டர் ஆழந்தான். விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கி, இறால்கள் கரையோரமாக ஒதுங்கி மேலே வரத் தொடங்கிவிடும். அதற்காகவே இரவெல்லாம் ஏரேட்டரை ஓட்டுகிறோம். ஈரி ஏரியிலும் இரவில் ஏரேட்டர் ஓட்டினால் இந்தச் சிக்கல் தீராதா? இதற்கும் "அடிநீர்" என்றே சொல்லலாமா?

மீனலோசனி எழுதியது:

அந்தோணி அண்ணா, உங்கள் குளத்தில் நடப்பது வேறு. பகலில் பாசி ஆக்சிஜனை உண்டாக்குகிறது. இரவில் பாசி, இறால், வண்டல் எல்லாம் சேர்ந்து மூச்சுவிட்டு அதைச் செலவழிக்கின்றன. அது ஒரு நாளுக்குள் ஏறி இறங்கும் கணக்கு, பெரும்பாலும் குளத்து நீர் முழுவதையும் தொடுவது. நான் சொன்னது மாதக் கணக்கில் அடைபட்ட ஒரு படலத்தைப் பற்றி. ஈரியின் நடுப்பகுதி ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புடையது, ஏரேட்டருக்கு அடங்காது. அங்கே செய்யக்கூடியது, பாசியை வளர்க்கும் பாஸ்பரஸ் ஏரிக்குள் வருவதைக் குறைப்பது. அமெரிக்காவும் கனடாவும் 1972இல் செய்துகொண்ட நீர்த்தர உடன்பாட்டின் முதன்மையான நோக்கங்களில் ஒன்று அது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் நான் விட்டுவிட வேண்டாத ஒன்று இருக்கிறது. பெருமழை பெய்த மறுநாள் உங்கள் உப்புநீர்க் குளத்தில் மழைநீர் மேலே தனியாக மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அடுக்கைப் பிரிப்பது உப்பு, வெப்பம் அன்று. ஆகவே, நீர் அடுக்குகளாகப் பிரிந்து நிற்பதற்குப் பொதுச்சொல்லாக "வெப்ப அடுக்கமைவு" என்று எழுதுவது குறுகிவிடும். "அடுக்கமைவு" என்று மட்டும் வைத்து, வேண்டிய இடத்தில் வெப்பத்தையோ உப்பையோ முன்னொட்டலாம்.

தணிகாசலம் எழுதியது:

"அடிநீர்", "அடுக்கமைவு" இரண்டையும் ஏற்கிறேன். "வெப்பச்சரிவு" மட்டும் எனக்கு உடன்பாடில்லை; மலைச்சரிவுபோல ஓர் இடத்தைக் குறிப்பதாகவும் படும், வெப்பம் வீழ்ந்ததைக் குறிப்பதாகவும் படும். டர்ன்ஓவர் என்பதற்குத் "தலைகீழாக்கம்" என்பதைவிடப் "புரள்வு" எளிமையானது. மேல்நீர் கீழும் அடிநீர் மேலுமாகப் புரள்கிறது என்ற படம் மனத்தில் எளிதாக எழுகிறது.

மீனலோசனி எழுதியது:

ஐயா, அந்தப் படம்தான் எனக்குத் தயக்கம் தருகிறது. இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து, அடிநீரின் வெப்பநிலையை நெருங்கி வருகிறது. எடை வேறுபாடு மறைந்ததும், ஒரு பலத்த காற்று இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிடுகிறது. இடம் மாறுவது என்று எதுவும் இல்லை. எல்லை முதலில் கீழ்நோக்கி அரிக்கப்பட்டு, பின் அழிந்துபோகிறது. "முழுக்கலப்பு" என்றால் இது விளங்கும். குளிர்காலத்தில் பனிக்கட்டியின் அடியில் 0 டிகிரியை ஒட்டிய நீர் மேலேயும் 4 டிகிரியை ஒட்டியது கீழேயுமாக அமைந்து, பனி உருகிய பின் மீண்டும் ஒருமுறை கலப்பது உண்டு. அப்போதும் இதே சொல் பொருந்தும்.

இந்த வேறுபாடு நடைமுறையிலும் முக்கியமானது. கிளீவ்லாந்து நகரம் நடுப்பகுதியின் தென்கரையில் இருக்கிறது, குடிநீரை ஏரியிலிருந்து எடுக்கிறது. முழுக்கலப்புக்கு முன்பே, காற்று மேல்நீரை ஒரு கரைக்குத் தள்ளும்போது அடிநீர் மறுகரையில் மேலெழுந்து, நீரெடுக்கும் குழாய்வாயை எட்டிவிடுவதுண்டு. குழாயில் வரும் நீரின் வெப்பநிலை சட்டென்று விழும், அமிலத்தன்மை கூடும், ஆக்சிஜன் குறையும். வண்டலிலிருந்து கரைந்த மாங்கனீசும் சேர்ந்து வரும். அதைச் சுத்திகரிப்பில் பிடிக்காவிட்டால் வீட்டுக் குழாயில் பழுப்பு நிறம் தெரியும். இங்கே அடிநீர் இடம் பெயர்ந்து ஆடியது, ஆனால் கலக்கவில்லை. "புரள்வு" என்ற சொல்லை நாம் முழுக்கலப்புக்குக் கொடுத்துவிட்டால், இந்த ஆட்டத்தையும் வாசகர் அதுவென்றே எடுத்துக்கொள்வார்.

முத்துக்குமார் எழுதியது:

அடிநீர் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கேள்வி: தடிப்புதான் எல்லாம் என்றால், ஒரே ஏரியில் ஆண்டுக்கு ஆண்டு இழப்பு ஏன் மாறுகிறது? ஏரியின் ஆழம் மாறுவதில்லையே.

மீனலோசனி எழுதியது:

ஆழம் மாறாவிட்டாலும் எல்லை நிற்கும் மட்டம் மாறும். வசந்தம் அமைதியாகவும் விரைவாகச் சூடேறுவதாகவும் இருந்தால் எல்லை உயரத்தில் அமைந்து, அடிநீர் தடிப்பாக இருக்கும். காற்று மிகுந்த வசந்தம் எல்லையைக் கீழே தள்ளிவிடும்; 2 மீட்டர் அடிநீர் மிஞ்சிய ஆண்டில் ஜூலையிலேயே ஆக்சிஜன் சரியத் தொடங்கும். இதனாலேயே பாஸ்பரஸைக் குறைத்ததன் பலனை ஓரிரு ஆண்டுகளின் அளவீட்டைக் கொண்டு சொல்லிவிட முடிவதில்லை. அளப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அடிநீர் 2 மீட்டரே மிஞ்சிய ஆண்டில் கருவியைத் தரைக்கு 2 மீட்டர் மேலேயே நிறுத்திவிட்டால், அடிநீர் முழுவதும் கருவிக்குக் கீழே இருந்துவிடும், தாள் முழுக்க நல்ல எண்களே பதிவாகும்.

செல்வநாயகி எழுதியது:

"அடிநீர்", "மேல்நீர்", "அடுக்கமைவு" ஆகியவற்றை எதிர்ப்பில்லாததால் பட்டியலில் ஏற்றுகிறேன். "ஆழ்நீர்" என்பதைக் கடலியலுக்கு விட்டுவிடலாம். "முழுக்கலப்பு", "புரள்வு" இரண்டையும் இப்போதைக்கு அருகருகே வைத்து, ஈரி கட்டுரையில் முன்னதைப் பயன்படுத்துகிறேன்; தணிகாசலம் ஐயா உடன்படாவிட்டால் மாற்றுக் கருத்தாக அவர் பெயரிலேயே குறிப்பேன். தெர்மோக்ளைன் மட்டும் தீரவில்லை. மீனலோசனி அவர்கள் மேலே பல இடங்களில் "எல்லை" என்றே எழுதியிருக்கிறார்கள், ஆனால் அது கோடு அன்று, தடிப்புள்ள ஒரு படலம். "வெப்ப இறக்கப் படலம்" என்று நீட்டலாமா, "இடைநீர்" என்று சுருக்கலாமா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.