வேன் வாடகையை எந்தக் கணக்கில் போடுவது?

வணக்கம், மண்டபத்தில் சின்னதாக மீன் ஏற்றுமதி ஷெட் வைத்திருக்கிறோம், கணக்கு நான்தான் எழுதுகிறேன். செலவை நிலையானது, மாறுவது என்று இரண்டாகப் பிரித்து எழுதப் பார்த்தேன், வரவில்லை.

குளிர் அறை கரண்ட் பில்லை எப்படியோ பிரித்துவிட்டேன். 2,000 கிலோ வந்த மாதம் ரூ.14,000, 8,000 கிலோ வந்த மாதம் ரூ.26,000. வித்தியாசத்தை வகுத்தால் கிலோவுக்கு ரூ.2, மீதி ரூ.10,000 மீனே வராவிட்டாலும் கட்ட வேண்டியது. 5,000 கிலோ மாதத்தில் ரூ.19,800 வந்தது, கணக்குக்கு ரூ.200தான் குறைவு, சரி.

வேன்தான் தலைவலி. மதுரைக்கு ஒரு நடை ரூ.6,000, ஒரு டன் ஏற்றலாம். 950 கிலோ என்றால் கிலோவுக்கு ஆறு ரூபாய் சொச்சம். போன வாரம் 1,100 கிலோ வந்தது, அதற்கு இரண்டாவது வேன், கிலோவுக்குப் பதினொன்றை நெருங்கிவிட்டது. உண்மையில் அந்தக் கூடுதல் 150 கிலோ மட்டும் கிலோவுக்கு ரூ.40 தின்றிருக்கிறது, நான் பழைய ரேட்டுக்கே கொடுத்துவிட்டேன்! இதிலும் அதே மாதிரி வகுத்துப் பார்த்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஏப்ரல் 15 தடைக்காலத்துக்குள் அடுத்த ரேட் சொல்ல வேண்டும். இப்படிப் படிப்படியாக ஏறும் செலவை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? டன் கணக்கில் தனித்தனி ரேட் வைக்கிறீர்களா, இல்லை ஒரு டன்னுக்கு மேல் வந்ததை மறுநாளுக்கு ஐஸில் போட்டுவிடுகிறீர்களா?