மணிக்கு 400 கட்டுமா? வீடு வீடாகப் போகிற கணக்கு டீச்சரின் கேள்வி

ஸ்கூட்டி டீச்சர்: வேளச்சேரிப் பக்கம் பிளஸ் டூ கணக்கு, வீட்டுக்கே போய் எடுக்கிறேன். ஐந்து பிள்ளைகள், ஆளுக்கு வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். சராசரியாக மணிக்கு 400. கையில் எதுவும் நிற்பதில்லை. அலைச்சல், தயாரிப்பு, ஆள் இல்லாத மாதங்கள் எல்லாம் சேர்த்தால் ஜூனிலிருந்து எவ்வளவு கேட்கலாம்?

மாடிக் கிளாஸ்: எதுக்குங்க அலையணும்? நான் மொட்டை மாடியில ஷீட் போட்டு எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். 12 பசங்க, ஆளுக்கு மாசம் 800. பெட்ரோல் செலவே கிடையாது.

ஸ்கூட்டி டீச்சர்: ஒரு ரூம் வீடு, மாமனார் படுத்த படுக்கை. அது முடியாது சார்.

பழைய சிலேட்: ஒரு வகுப்புக்குப் போக வர எவ்வளவு நேரம்? பெட்ரோல்? போன வருஷம் எந்த மாசம் எத்தனை பேர்? அதைச் சொல்லுங்கம்மா.

ஸ்கூட்டி டீச்சர்: போக வர சராசரி 40 நிமிடம். தயாரிப்பு, பேப்பர் திருத்துவது சேர்த்து வகுப்புக்கு அரை மணி. பெட்ரோல் மாதம் 1,500. ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை ஐந்து பேர். ஜூன், மார்ச்சில் பாதி வகுப்புதான். ஏப்ரல், மேயில் யாரும் இல்லை. மாதம் 25,000 கைக்கு வந்தால் போதும்.

பழைய சிலேட்: மாசம் 60 மணி நேரம், 24,000 வருதுன்னு மனசுல வெச்சிருப்பீங்க. அது எட்டு மாசக் கதை. வருஷத்துக்கு எடுத்தா மொத்தமே 540 மணி நேரம், 2,16,000 ரூபாய். பெட்ரோல் 13,500 போக மீதியைப் பன்னிரண்டு மாசத்துக்குப் பிரிச்சா 16,875. அதான் கையில நிக்கல.

25,000 வேணும்னா வருஷத்துக்கு 3 லட்சம், பெட்ரோலோட 3,13,500. அதை 540ஆல வகுத்தா மணிக்கு 580. இது எல்லா வகுப்பும் நடந்தா. வாசல்ல போய் நின்னப்புறம் "பையன் கல்யாணத்துக்குப் போயிருக்கான் மிஸ்" னு சொல்றது எனக்குப் பத்துக்கு ஒண்ணு. அதுக்குக் காசு வாங்கலைன்னா 645 ஆயிடும். 650 கேளுங்க.

தசமபின்னம்: தயாரிப்பு இரட்டைக் கணக்கா இருக்கே. அஞ்சு பேரும் ஒரே வகுப்புன்னா ஒரு தடவை தயார் பண்ணினா போதாதா?

ஸ்கூட்டி டீச்சர்: மூன்று பேர் மாநிலப் பாடம், இரண்டு பேர் சிபிஎஸ்இ. ஒரு பக்கம் அணிகளில் ஆரம்பிக்கும், இன்னொரு பக்கம் உறவுகளும் சார்புகளும். திருத்துவது எப்படியும் ஆளுக்கு ஆள் தனிதான்.

பழைய சிலேட்: பின்னம் சொல்றதுல பாதி சரி. ஆனா தயாரிப்பு குறைஞ்சாலும் அந்த 580 மாறாது. அது வருஷத் தேவையிலேர்ந்து வந்த கணக்கு. நேரம் மிச்சமானா ஆறாவது பிள்ளைக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

மடிப்பாக்கம் அப்பா: 400லேர்ந்து 650ஆ? மே மாசம் நீங்க சும்மா இருக்கிறதுக்கு நான் ஏன் ஜூலையில காசு கொடுக்கணும்? எங்க தெருவுக்கு ஸ்கூல்ல வேலை பார்க்கிற சார் ஒருத்தர் 350க்கு வர்றாரு.

பழைய சிலேட்: அவருக்கு ஸ்கூல் சம்பளம் இருக்கு சார், டியூஷன் மேல்வரும்படி. கல்வி உரிமைச் சட்டம் 2009, 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனியா டியூஷன் எடுக்கக் கூடாதுங்குது, அது வேற விஷயம். இருந்தாலும் நீங்க சொல்றதுல ஒண்ணு உண்மை. 650 டீச்சரோட தேவை. தெரு அவ்வளவு கொடுக்கணும்னு கட்டாயமில்ல.

டீச்சர், அதனால வீடு வீடா கணக்குப் போடுங்க. பக்கத்துத் தெரு வீடு, போக வர 10 நிமிஷம், மணிக்கு 450ன்னு வெச்சுக்குங்க. ஒரு வகுப்புக்கு 675 ரூபாய், தயாரிப்போட உங்க நேரம் 130 நிமிஷம். உழைக்கிற மணிக்கு 311 வருது. தூரத்து வீட்டுல 600 கொடுக்கிறாங்க, ஆனா போக வர 80 நிமிஷம். 900 ரூபாய்க்கு 200 நிமிஷம், மணிக்கு 270தான். அதிகமாக் கொடுக்கிற வீட்டுலதான் நஷ்டம். பெட்ரோலை இதுல சேர்க்கவே இல்ல.

ஸ்கூட்டி டீச்சர்: ஐயோ, பள்ளிக்கரணை தாண்டி ஒரு வீடு இருக்கு. 600 கொடுப்பதால் அதைத்தான் நல்ல வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தசமபின்னம்: அந்த வீட்டுக்கு 750 கேளுங்க. ஒத்துக்கலைன்னா விடுங்க, பக்கத்துல ஆள் தேடலாம்.

ஸ்கூட்டி டீச்சர்: பக்கத்து வீடுகளுக்கு 550, தூரத்துக்கு 750 என்று சொல்லப் போகிறேன். முதல் நாள் ராத்திரிக்குள் சொல்லாமல் நிறுத்தினால் அந்த வகுப்பும் கணக்கில் சேரும். ஏப்ரல், மேக்கு அடுத்த வருஷப் பிள்ளைகளைப் பிடிக்க முடியுமா என்று இன்னும் தெரியவில்லை.

மடிப்பாக்கம் அப்பா: பையனுக்கு விடியக்காலையில திடீர்னு காய்ச்சல் வந்தா?

ஸ்கூட்டி டீச்சர்: காய்ச்சலுக்கு வாங்க மாட்டேன் சார். கல்யாணத் தேதி ஒரு மாதத்துக்கு முன்னாடியே தெரியுமே.

மடிப்பாக்கம் அப்பா: அது சரி. ஆனா 550 எனக்கு இன்னும் ஜாஸ்திதான்.