புதுப்பிப்பு: தேவிபட்டினம் மண்டப அட்வான்ஸ்

முன்பு இங்கே நான் கேட்டது: "தாத்தா தவறிட்டதால கல்யாணம் தள்ளிப்போச்சு. மண்டபத்துக்குக் கட்டிய 60,000 திரும்ப வருமா?"

ரசீதின் பின்பக்கம், 60 நாளுக்கு முன் ரத்து செய்தால் பாதி திரும்பும் என்று இருக்கிறது. கெடுவுக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டோம். மேனேஜர், கடிதம் வந்த தேதியைத்தான் எடுப்பேன், கெடு தாண்டிவிட்டது என்றார்.

இங்கே ஒருவர், அட்வான்ஸ் என்றாலே திரும்பாது என்றார். அவர் சொன்னது பாதி உண்மைதான். தொண்டி அக்கா தன் சமையல்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தராத கதையைச் சொன்னார். அங்கே அரிசி, எண்ணெய் வாங்கியாகிவிட்டது, அது வேறு. வக்கீல் குமாஸ்தாவாக இருந்த அண்ணன்தான் விஷயத்தைப் பிடித்தார்: "கடிதம்தான் வேணும்னு ரசீதுல இல்லையே. மேனேஜர் 'சரி, பார்க்கிறோம்'னு பதில் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டுங்க."

காட்டினோம். 30,000க்குச் செக் வந்தது. கூடவே நீட்டிய தாளில் 'முழுத் தீர்வாகப் பெற்றேன்' என்று இருந்தது. அந்த வரியை அடித்து, 'பகுதித் தொகை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்புறம், அதே முகூர்த்தத்துக்கு வேறு குடும்பத்தின் ஃப்ளெக்ஸ் மண்டப வாசலில் நின்றது. படம் எடுத்து வைத்திருக்கிறேன். 1872 ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் மண்டபத்துக்கு நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறார் அண்ணன். தேதி மறுபடி வாடகைக்குப் போனபின் இழப்பு எங்கே? மீதிக்கு நோட்டீஸ் அனுப்பியாச்சு. பதில் இல்லையென்றால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது.