முந்தின இரவு மட்டும் போட்ட சொட்டு

மலர்விழி

கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் வந்த ஒரு தையல்காரர் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. கண் நீர் அழுத்த நோய். முதலில் பார்த்தபோது வலது கண்ணில் அழுத்தம் 28. இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒரு சொட்டு லட்டனோபிராஸ்ட். ஆறு மாதம் கழித்து அழுத்தம் 16. ஆனால் பக்கப் பார்வைப் பரிசோதனைத் தாளில், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு பரவியிருந்தது.

“தினமும் போடுகிறீர்களா?” என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதனால் “எத்தனை பாட்டில் வாங்கினீர்கள்?” என்று கேட்டேன். இரண்டு. 2.5 மில்லி பாட்டில் இரண்டு கண்ணுக்கும் ஒரு மாதம்தான் வரும். பிறகு அவரே சொன்னார்: “உறுத்தினால் போடுவேன் அம்மா. இங்கே வருவதற்கு முந்தின இரவு மட்டும் மறக்க மாட்டேன்.” அந்த ஒரு சொட்டுதான் மறுநாள் காலை 16 காட்டியது.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். மருந்துப் பாட்டிலின் மூடியை அவருடைய இடப்பக்கம், சற்று மேலே பிடித்து மெல்ல நகர்த்தினேன். “மூடி எங்கே?” என்றார். கையை எடுக்கச் சொன்னதும் மூடி அங்கேயே இருந்தது. இதுவரை ஒரு கண்ணின் ஓட்டையை மறு கண் மறைத்திருக்கிறது. வலியும் இல்லை, மங்கலும் இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

கண்ணுக்குள் நீர் இரவும் பகலும் ஊறுகிறது, வெளியேறும் வழி இறுகியிருக்கிறது, சொட்டு வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது, அது ஏறக்குறைய ஒரு நாள்தான் நிற்கும் என்றேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: “அந்த மூடி இனி தெரியுமா?” தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

செந்தில்

என் அம்மாவும் இதைத்தான் கேட்கிறார். போன பார்வை வராது என்றால் எதற்குப் போட வேண்டும்? “போட்டால் கண் எரிகிறது, போடாவிட்டால் சுகமாக இருக்கிறது” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இருக்கிற பார்வைக்காக என்று சொல்லிப் பார்த்தேன். “இருப்பதுதான் இருக்கிறதே” என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

கலியமூர்த்தி

என் தந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், இப்போது நன்றாகப் படிக்கிறார். ஆயுள் முழுவதும் போடச் சொல்வது மருந்துக் கடைக்காரர்களுக்குத்தான் லாபம்.

மலர்விழி

ஐயா, உங்கள் தந்தைக்கு நடந்தது கண்புரை அறுவை சிகிச்சையாக இருக்கும். அந்தச் சொட்டு புண் ஆறுவதற்கு, ஆறியதும் நிறுத்தலாம். இந்தக் குழப்பத்திலேயே மருந்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ராஜேந்திரன்

எனக்கு ஒன்பது வருடமாக இந்த நோய். அழுத்தம் 21-க்குள் இருந்தால் பயமில்லை. எனக்கு 15 வந்ததும் இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஜெயந்தி

ராஜேந்திரன் அண்ணா, ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்த வரைதான். அந்த 15 மருந்து போட்டதால் வந்தது. 21-க்குள் இருந்தும் கண் நரம்பு கெட்டுப் பார்வை போகிறவர்கள் உண்டு, என் அத்தை அப்படித்தான். பக்கப் பார்வைப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்?

மலர்விழி அக்காவிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பாட்டில் கணக்கு போதாது. என் அத்தை மாதம் ஒரு பாட்டில் தவறாமல் வாங்கினார், அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. ஒருநாள் இரவு பக்கத்தில் நின்று பார்த்தேன். கை நடுக்கத்தில் மூன்று சொட்டு கன்னத்தில் வழிந்தது, ஒன்றுகூடக் கண்ணில் விழவில்லை. துடைத்துக்கொண்டு “போட்டாயிற்று” என்றார்.

இப்போது படுக்க வைத்துப் போடுகிறோம். கீழ் இமையை இழுத்துப் பை போலாக்கி, பாட்டில் நுனி படாமல் ஒரே சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்துகிறோம், மருந்து மூக்குக்குள் இறங்காமல் இருக்க. இரண்டாவது மருந்தாக டிமோலாலும் இருப்பதால் நடுவே ஐந்து நிமிட இடைவெளி. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மருந்தைப் போடும் முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சொட்டு விழுவது சில்லென்று தெரியும். செந்தில், எரிகிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பதப்படுத்தும் பொருள் இல்லாத மருந்தாக மாற்றித் தர முடியும்.

ராஜேந்திரன்

பரிசோதனை செய்து மூன்று வருடம் ஆகிறது, தங்கச்சி.

மலர்விழி

ஜெயந்தி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. தையல்காரர் போன வாரம் வந்திருந்தார், ஐந்து மாதத்தில் ஐந்து பாட்டில். போட்டுக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த முறை வரும்போது கேட்கிறேன்.