அப்பாவின் துடிப்புக் கோடு ஏறியபோது

கோவை நடையர்
காலை ஐந்தரை. அப்பா ஷூ போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், கிளம்பவில்லை. போனை நீட்டி, "பாருப்பா, மலை மாதிரி ஏறுது. இனிமே நடக்க வேண்டாம்னு தோணுது" என்றார். வாட்ச் ஆப்பின் வாரச் சுருக்கத்தில் ஓய்வுத் துடிப்பு 62-லிருந்து 65 ஆகியிருந்தது. அவருக்கு வேறு தொந்தரவு எதுவும் இல்லை. அந்த முகம்தான் மனதைவிட்டுப் போகவில்லை.

இரவுப்பணி நர்ஸ்
எங்கள் வீட்டுக்காரருக்கும் இதே மூன்று துடிப்பு ஏறியது. சராசரியை விட்டுவிட்டு நாள்வாரியாகத் திறந்தேன்: 62, 61, 63, 62, அப்புறம் 71, 70, 68. கடைசி மூன்றும் காய்ச்சல் நாட்கள். அவற்றை எடுத்துவிட்டால் அதே 62தான். மலை மாதிரி தெரிவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பல ஆப்களில் வரைபடம் பூஜ்ஜியத்தில் தொடங்காது. 60 முதல் 70 வரை மட்டுமே திரை முழுக்க விரியும். ஓர எண்களை முதலில் பாருங்கள், பிறகு ஆறு மாதக் காட்சிக்குப் போங்கள். காரணமே இல்லாமல் பல வாரம் உயர்ந்தே நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போங்கள்.

பழைய ஓட்டக்காரர்
வாட்ச் எல்லாம் சும்மா. நான் உட்கார்ந்து நாடி பிடித்து எண்ணினேன், 74 வந்தது. வாட்ச் 63 என்கிறது. பட்டை தளர்ந்தால் கண்டதையும் காட்டும். அப்பாவை வாட்சைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். காலையில் வெந்நீர் குடித்து, பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்து, உப்பைக் குறைத்து, இரவு ஏழுக்குள் சாப்பிட்டாலே எல்லாம் சரியாகும்.

இரவுப்பணி நர்ஸ்
பட்டை விஷயம் சரி, ஐயா. ஆனால் நீங்கள் எண்ணியது அந்த ஒரு நிமிடத்தின் துடிப்பு. வாட்ச் சொல்லும் ஓய்வுத் துடிப்பு, அசையாமல் இருந்த நேரங்களையோ தூக்கத்தையோ வைத்து முழு நாளுக்கும் கணக்கிடுவது. டீ குடித்துவிட்டு எண்ணினால் 74 வரத்தான் செய்யும்.

குட்டியின் அம்மா
எனக்கு இறங்கியது, நடக்கும் வேகத்தையும் துடிப்பையும் வைத்து வாட்ச் கணிக்கும் 'கார்டியோ ஃபிட்னெஸ்' கோடு. குழந்தை பிறந்த பிறகு சரிந்துகொண்டே வந்தது, இரவில் அழுதிருக்கிறேன். அப்புறம்தான் பிடிபட்டது: பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் 'வெளிநடை' என்று பதிவு போட்டிருக்கிறேன். வேகம் குறைவு, துடிப்பு அதிகம். சுமை இருப்பது வாட்சுக்கு எப்படித் தெரியும்? தனியாக நடந்தபோது மட்டும் பதிந்தேன், கோடு மெல்ல ஏறியது. உங்கள் அப்பாவும் பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாரா?

கோவை நடையர்
இல்லைங்க, அவருடையது ஓய்வுத் துடிப்பு. நாள்வாரியாகப் பார்த்தோம், சளி பிடித்திருந்த இரண்டு நாள்தான் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைக் காட்டியதும் நடக்கப் போய்விட்டார். ஆனால் இந்த மாதம்தான் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். சளி நாட்களை எடுத்தாலும் 63க்கு மேல் நிற்கிறது. இதில் மாத்திரைக்குப் பங்கு உண்டா?

இரவுப்பணி நர்ஸ்
அளவு அதிகமானால் துடிப்பு ஏறலாம். ஒரு துடிப்பு வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். மாற்றிய தேதியைக் குறித்து வைத்து, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு வரைபடத்தையும் கொண்டுபோங்கள்.